கொதித்தாலும் சுடாது

அன்று பகல் மழை பெய்து ஓய்ந்திருந்தது. கல்முனைக்குடியில் நஜீமின் கடையின் பின்னறையில் நப்லா மடிக்கணினிக்கு முன்னால் இருந்தாள். சுல்பிகா கீழே பாயில் உட்கார்ந்து பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். புதிதாக வந்திறங்கிய, தண்ணீர் கொதிக்கவைக்கும் கரண்ட் கேத்தலின் விபரத்தாளை நப்லா மேசையில் விரித்து வைத்திருந்தாள். தாள் முழுக்க ஆங்கிலமும் இலக்கமுமாக இருந்தது.

முதலில் பேச்சை எடுத்தது சுல்பிகாதான். இந்தக் கேத்தலுக்கு மட்டும் ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டாள். இதில் இரட்டைச் சுவர் என்று போட்டிருக்கிறது, அதை எப்படி எழுதுவதென்று யோசிக்கிறேன் என்றாள் நப்லா.

"ரெண்டு சுவரா? ஊடா கட்டுற?"

வீடில்லை, உள்ளே எவர்சில்வர், வெளியே பிளாஸ்டிக், இரண்டுக்கும் நடுவில் காற்று என்று நப்லா விளக்கினாள். உள்ளே தண்ணீர் கொதித்தாலும் அந்தக் காற்று சூட்டை வெளியே விடாது.

"செரி. அதால எனக்கென்ன?"

இந்தக் கேள்வி நப்லாவுக்குப் பழக்கமானது. எந்தச் சாமானைப் பற்றி எழுதினாலும் சுல்பிகா இதையே கேட்பாள். குத்திக்காட்டுவதற்காக அல்ல, உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்பாள். அதற்கு விடை சொல்ல முடியாத வரி எதையும் நப்லா கடையின் இணையப் பக்கத்தில் ஏற்றுவதில்லை.

"வெளிப்பக்கத்தத் தொட்டா கை சுடாது, ராத்தா."

சுல்பிகாவின் கை டேப்பில் நின்றது.  பிறகு, தடவிப் பார்த்துத் தூக்குகிறவருக்கும் சுடாதா என்று கேட்டாள். சுவர்தானே, சுடாது என்றாள் நப்லா. இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் முதலாளி நஜீம் முன்பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து, கேத்தல் இன்றைக்குப் பக்கத்தில் ஏறுமா இல்லையா என்று கேட்டார். பேச்சு அத்தோடு அறுந்துவிட்டது.

தடவிப் பார்த்துத் தூக்குகிறவர் என்று சுல்பிகா சொன்னது அவளுடைய உம்மாவை. சீனி வருத்தம் என்கிற நீரிழிவில் இரண்டு கண்ணும் போய் நாலு வருடமாகியிருந்தது. சுல்பிகாவின் புருசன் சவூதிக்கு டிரைவராகப் போய், அங்கேயே இன்னொரு கலியாணம் செய்துகொண்டு, போன் இலக்கத்தையும் மாற்றிவிட்டான். பிள்ளை இல்லை. வீட்டில் உம்மாவும் மகளும் மட்டும். காலையில் சுல்பிகா ஒரு பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டு வேலைக்கு வருவாள். பத்து மணிக்கெல்லாம் அது ஆறிவிடும். உம்மா அடுப்பு மூட்டப் பார்த்த இரண்டு தடவையும் பக்கத்து வீட்டார் ஓடி வந்து மறித்திருக்கிறார்கள். மூன்றாவது தடவை நடந்தால் வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே இருக்க வேண்டியதுதான் என்று சுல்பிகா ஒருமுறை சொல்லியிருந்தாள். வேலையை விட்டால் இரண்டு பேரும் எதைச் சாப்பிடுவது என்பதை அவள் சொல்லவில்லை.

அவள் வேலை, பெட்டியைத் திறந்து, பிளக்கைப் போட்டு, லைட் எரிகிறதா என்று பார்த்து, திரும்பப் பொதி செய்து கூரியர்காரனிடம் கொடுப்பது. தண்ணீர் ஊற்றிப் பார்க்கக் கூடாது. ஈரம் பட்டால் புதுச் சாமான் இல்லையென்று வாங்கினவர் திருப்பி அனுப்பிவிடுவார். ஆறு வருடத்தில் நூற்றுக்கணக்கான கேத்தல்களுக்கு லைட் எரிய வைத்தவள், ஒன்றிலாவது தண்ணீர் கொதித்துப் பார்த்ததில்லை. ரைஸ் குக்கரும் பிளெண்டரும் அப்படித்தான். அவற்றைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் நப்லா எழுதி, தான் எழுத்துக் கூட்டி வாசித்தவைதான்.

நப்லா எழுதுவது பொயின்ட்ஸ், இணையப் பக்கத்தில் சாமானின் படத்துக்குக் கீழே வரும் சின்னச் சின்ன வரிகள். ஒரு சாமானுக்கு ஐந்து, அதற்கு மேல் இல்லை. நஜீம் போட்ட சட்டம் அது. விபரத்தாளில் ஒட்டாத பூச்சு என்றிருக்கும். அடியில் சோறு பிடிக்காது, சட்டியை ஊறப்போட்டுச் சுரண்டத் தேவையில்லை என்று நப்லா எழுதுவாள். பிளெண்டருக்கு அறுநூறு வாட் என்றிருக்கும். வாட் யாருடைய அம்மிக்கும் தெரியாது. தேங்காய்ச் சொட்டும் பச்சை மிளகாயும் கட்டியில்லாமல் அரைபடும் என்று எழுதி, அறுநூறைக் கடைசியில் வைப்பாள். வாங்குகிறவருடைய பெரிய கவலை எதுவோ அதுதான் முதல் பொயின்ட். தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதத் தெரிந்த பிள்ளை என்றுதான் நஜீம் அவளைச் சேர்த்தார். அதிகம் கதைக்காத பிள்ளை, எழுத்தில் மட்டும் கதைக்கிறாள் என்று முன்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பார்.

கேத்தலுக்கு நப்லா முதலில் எழுதிய வரி இது: "இரட்டைச் சுவர் இருப்பதால் தண்ணீர் கொதித்தாலும் வெளிச்சுவர் கையைச் சுடாது, மூடியும் ஆவியும் சுடும், கவனம்." நஜீம் அதைத் தன் போனில் திறந்து பார்த்தார். போன் திரையில் ஒவ்வொரு பொயின்டிலும் முதல் சில சொற்கள்தான் தெரியும். மிச்சம் 'மேலும்' என்ற சொல்லுக்குப் பின்னால் மறைந்துவிடும். தெரிந்தது 'இரட்டைச் சுவர் இருப்பதால்' மட்டும். இதைப் பார்த்து யார் வாங்குவார் என்றார். பயனை முன்னுக்குக் கொண்டுவா என்றார். அவர் சொன்னது பிழையில்லை. நப்லாவே அதைத்தான் செய்திருப்பாள்.

பயன் முன்னுக்கு வந்தது. "கொதித்தாலும் சுடாது" என்று தொடங்கியது வரி. இரட்டைச் சுவர் அதற்குப் பின்னால் போனது. மூடியும் ஆவியும் கடைசிக்குப் போயின. இரண்டாவது பொயின்டும் அப்படியே ஆனது. "கொதித்ததும் தானே அணையும்" முன்னால் நின்றது. மூடி இறுக மூடியிருந்தால் மட்டும் என்பது பின்னால் மறைந்தது. எதுவும் அழிக்கப்படவில்லை. எழுதியதெல்லாம் பக்கத்தில் இருந்தது. ஆனால் 'சுவர்' என்ற சொல் போனில் தெரியும் முதல் சொற்களிலிருந்து விழுந்ததை நப்லா அன்று பெரிதாக எடுக்கவில்லை.

அந்தக் கிழமையே சுல்பிகா உம்மாவுக்காக ஒரு கேத்தல் வாங்கினாள். பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோகும்போது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நப்லா அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. மறுநாள் வந்து, போனைத் திறந்து, அதில் தெரிந்ததை உம்மாவுக்கு வாசித்துக் காட்டியதாகச் சொன்னாள். உம்மா சுவரைத் தடவித் தடவிப் பார்த்தாராம். கைபிடி எந்தப் பக்கம், சுவிட்ச் எங்கே என்று கையால் படித்துக்கொண்டாராம். கொதித்து முடிந்தால் 'டக்' என்று சத்தம் வரும், அது வந்த பிறகு எடு என்று சுல்பிகா சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

"இனிப் பத்து மணித் தேத்தண்ணிக்கு உம்மா ஆரையும் பார்க்கத் தேவல்ல, தங்கச்சி. கண் இருந்தாத்தானே பார்க்க."

சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். நப்லாவும் சிரித்தாள். மூடியைப் பற்றி அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எழுதியிருக்கிறதுதானே என்று நினைத்தாள்.

பன்னிரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. பதின்மூன்றாம் நாள் மூடி சரியாக விழவில்லை. மூடி திறந்திருந்தால் ஆவி மேலாலேயே போய்விடும். சுவிட்சை விழுத்துவதற்கு உள்ளே இருக்கும் தகட்டுக்கு அது போய்ச் சேராது. தண்ணீர் கொதித்துக்கொண்டே இருந்தது. உம்மா 'டக்' சத்தத்துக்காகக் காத்திருந்தார். வரவில்லை. மழை இரைச்சலில் கொதிக்கும் சத்தமும் பிடிபடவில்லை, கரண்ட் போய்விட்டதாக்கும் என்று நினைத்தாராம். சுடாத கேத்தல்தானே என்று, தண்ணீர் கிடக்கிறதா பார்க்க வலக்கையை நேரே கேத்தலின் வாய்ப்பக்கம் கொண்டுபோனார். கையை இழுத்த வேகத்தில் கேத்தலும் சரிந்து, கொதிதண்ணீர் அந்தக் கையிலேயே கொட்டியது.

சுல்பிகாவுக்குப் போன் வந்தபோது அவள் அதே கேத்தல் ஒன்றைத்தான் பொதி செய்துகொண்டிருந்தாள். டேப்பை வெட்டி முடித்துவிட்டுத்தான் எழும்பினாள். அதை நப்லா நன்றாகப் பார்த்தாள்.

நஜீம் கெட்ட மனுசர் இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஓட்டோ பிடித்துக் கொடுத்தார், தானும் இரண்டு தடவை போய்ப் பார்த்தார். எழுதினதில் பொய் ஒன்றும் இல்லையே, பக்கத்தில் எல்லாம் இருக்கிறதுதானே என்று எல்லோரிடமும் சொன்னார், நப்லாவிடம் இரண்டு தரம். இரண்டாவது தரம் சொல்லும்போது அவர் அவளைப் பார்க்கவில்லை.

அவர் போன பிறகு நப்லா தனியே இருந்து அந்தப் பொயின்டைத் திருத்தினாள். "சுவர் சுடாது, ஆவி சுடும்" என்று தொடங்கினாள். போனில் திறந்து பார்த்தாள். நாலு சொல்லும் 'மேலும்' என்பதற்கு முன்னால் இடம் பிடித்து நின்றன. இன்னும் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. முதல் நாளே இது இடம் பிடித்திருக்கும். அவள் திரும்பத் திரும்பப் போனை மூடித் திறந்து பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் இடம் இருந்தது. நஜீம் பிறகு அதைக் கண்டார். அப்படியே விட்டுவிட்டார்.

சீனி இருக்கிற உடம்பில் புண் ஆறவில்லை. ஒரு மாதமாகியும் கட்டு அவிழவில்லை. சுல்பிகா காலையில் உம்மாவுக்குக் கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்கும் பகலில் கடைக்குமாக ஓடினாள். பொதிகள் தவறவில்லை, லைட் பார்க்காமல் ஒரு பெட்டியும் போகவில்லை. ஆனால் நப்லா எழுதும்போது "அதால எனக்கென்ன" என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். அந்தக் கேள்வி இல்லாமல் நப்லாவுக்கு எழுத வரவில்லை. மனதுக்குள் தானே கேட்டுப் பார்ப்பாள். சுல்பிகாவின் குரல் வராது.

ஒருதரமாவது சுல்பிகா தன்னை ஏசுவாள் என்று நப்லா காத்திருந்தாள். ஏசியிருந்தால் மன்னிப்புக் கேட்கவாவது ஒரு இடம் கிடைத்திருக்கும். அவள் ஏசவில்லை. கேத்தலைப் பற்றிக் கதைக்கவே இல்லை. அது கழுவித் துடைத்து, பெட்டிக்குள் போட்டு, அலுமாரிக்கு மேல் வைத்திருந்ததை, உம்மாவைப் பார்க்க அவர்கள் வீட்டுக்குப் போன அன்று நப்லா கண்டாள். உம்மா கட்டில் ஓரத்தில், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். யார் வந்திருக்கிறது என்று கேட்டார். எழுதுகிற பிள்ளை என்றாள் சுல்பிகா. உம்மா தலையை ஆட்டினார். இந்தப் பிள்ளையின் எழுத்து நல்லா விளங்கும் என்றார். நப்லாவால் அதற்குப் பிறகு அங்கே நிற்க முடியவில்லை.

வீட்டுக்குப் போகும் சிறு ஒழுங்கையின் முடிவில் சுல்பிகா பின்னால் வந்து கூப்பிட்டாள். கையில் மடித்த தாள் ஒன்று. ஆஸ்பத்திரியில் கொடுத்தது. முழுக்க ஆங்கிலம், இடையில் இலக்கங்கள். நப்லா நின்ற இடத்திலேயே விரித்து வாசித்தாள். விரல்கள் இரண்டை வெட்டி எடுப்பதைப் பற்றி அதில் இருந்தது. அதற்குப் பிறகு, புண் மேலே பரவினால் என்று, மணிக்கட்டைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. வாசித்து முடித்தும் தாளிலிருந்து அவள் தலையைத் தூக்கவில்லை. சுல்பிகாவும் அவசரப்படுத்தவில்லை. முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, வீட்டுப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்.

"டொக்டர் சென்னது எனக்கு விளங்கல்ல, தங்கச்சி. நீங்க கேத்தலுக்கு எழுதினாப்போல எழுதித் தாங்க. இதால உம்மாக்கு என்ன நடக்கும் எண்டு. நான் போய் வாசிச்சுக் காட்டணும். சுடுற இடத்த மட்டும் இந்த முறை முன்னுக்கு எழுதுங்க."