வரி முடிவில் ஒரு மூச்சு

என் தம்பி ஜெயித்ததையெல்லாம் முதலில் சொல்லிவிடுகிறேன். பிறவியிலேயே பார்வை இல்லை என்று தெரிந்ததும், "இவனை வீட்டோட வெச்சுக்கோங்க" என்று அம்மாவுக்கு யோசனை சொன்ன உறவுக்காரர்கள் ஏழு பேர். அந்த ஏழு பேரையும் தாண்டிப் பள்ளிக்கூடம் போனான். மூன்று பள்ளிகள் இடமில்லை என்றன. நான்காவதில் சேர்ந்து, பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளியிலேயே இரண்டாவதாக வந்தான். கம்ப்யூட்டரைக் காதாலேயே கற்றான். பார்வையற்றோர் நூலகத்தில் வேலைக்குப் போனபோது இரண்டு முறை "மாடிப்படி ஏற முடியுமா?" என்று மட்டும் கேட்டு அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது முறை அவர்கள் கேட்பதற்கு முன்பே மாடிக்கும் தரைக்கும் இரண்டு நடை நடந்து காட்டிவிட்டு, "இனிமே வேலையைப் பத்திக் கேளுங்க" என்றான். பதினாறு வருடமாக அங்கேதான் இருக்கிறான்.

நான் அவனுக்கு ஆறு வயது மூத்தவள். எட்டாம் வகுப்போடு நின்றவள். ஜாக்கெட் தைப்பது என் தொழில்.

திரையில் இருப்பதைக் குரலாகப் படித்துக் காட்டும் மென்பொருளுக்கு ஏற்றபடி புத்தகங்களைத் திருத்துவது அவன் வேலை. அந்தக் குரலை அவன் வைத்திருக்கும் வேகம் எனக்குத் தையல் மெஷின் ஓடுவது போலத்தான் கேட்கும், ஒரு சொல் பிடிபடாது. அலுவலகத்தில் அவனுக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பேர்.

அம்மாவிடம் ஒரு பழைய பக்திப் புத்தகம் இருந்தது. நூறு பாடல்கள், பாடலுக்கு நான்கு வரி. காலையில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, வரிக்கு ஒரு மூச்சு என்று நிதானமாகப் படிப்பாள். சர்க்கரை வியாதி கண்ணைக் கொண்டுபோன பிறகு புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு நினைவிலிருந்து சொன்னாள். பத்துப் பாட்டுக்குமேல் ஒன்றோடு ஒன்று கலந்துபோனது. அப்புறம் இருதயமும் சோர்ந்து, நுரையீரலில் நீர் சேர ஆரம்பித்தது. நாள் அதிகம் இல்லை என்பதை டாக்டர் எங்கள் இருவரையும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"ஒரு தடவை நூறையும் முழுசா சொல்லிட்டா போதும்டா. நீ ஊருக்கெல்லாம் செய்யறியே, அந்த மாதிரி போன்ல போட்டுக் குடு. அது சொல்லச் சொல்ல நானும் கூடவே சொல்லிக்கிறேன்" என்றாள் தம்பியிடம்.

நூலகத்திலும் அந்தப் புத்தகத்தைப் பலர் கேட்டிருந்தார்கள். இரண்டுக்கும் ஒன்றாகவே வேலையைத் தொடங்கினான். பக்கங்களை ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்றினார்கள். அதைச் சரிபார்க்க, மாலையில் என் தையல் அறைக்கு லேப்டாப்போடு வருவான். புத்தகம் என் கையில், கோப்பு அவன் காதில்.

"பத்தொன்பதாம் பாட்டு, மூணாம் வரி, ரெண்டாவது சொல்லு. அதுல கால் போட்டிருக்கா, இல்ல 'ர'வா?"

"கால்தான்டா."

"ஸ்கேன் 'ர' போட்டிருக்கு. உங்க கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். என் காதுக்கு அது வேற, இது வேற."

"என் கண்ணுக்கு ஊசிக் காதே தெரியுதுடா, பேசாம அடுத்த வரிக்குப் போ."

அதைவிடப் பெரிய தொல்லை சீர் பிரிப்பு. ஓசைக்காக அச்சில் ஒரே சொல்லை நடுவில் வெட்டி இடம்விட்டிருப்பார்கள். 'உருகி' என்பது 'உரு கி' என்று இருக்கும். கண்ணால் படிக்கிறவர்கள் சேர்த்துப் படித்துவிடுவார்கள். மெஷினுக்கு இடம் விட்டால் புதுச் சொல். அந்தக் 'கி'யைக் 'கிளி'யில் வருவதுபோல வல்லென்று அடிக்கும். அப்படி வெட்டிய இடங்கள் அறுநூற்றுப் பதின்மூன்று. ஒவ்வொன்றையும் சேர்த்தான். பக்க எண்களை எடுத்தான். பாட்டின் எண் கடைசிச் சொல்லோடு ஒட்டிக்கொண்டு ஒலிக்காமல் இருக்க, அதைத் தனிப் பத்தியாக வைத்தான்.

நூலகர் அம்மா ஒரு நாள் அவனிடம் கேட்டாராம், "வரிக் கடைசில ஒரு கமா போட்டுடலாமே, எக்ஸ்பிரஸ்? நின்னு படிக்கும்."

"பாட்டு எழுதினவர் போடாததை நான் எதுக்கு மேடம் போடணும்? வரி முடிவுல நிக்குது. நானே கேட்டேன்" என்று சொல்லியிருக்கிறான். சொன்னதைப் பெருமையாக என்னிடமும் சொன்னான். நானும் பெருமைப்பட்டேன்.

ஐந்து வாரத்தில் வேலை முடிந்தது. அம்மாவின் போனில் ஏற்றி, குரலை அவளுக்குத் தகுந்தபடி மெதுவாக்கி, இரண்டு விரலால் எப்படித் தள்ளினால் தொடர்ந்து படிக்கும் என்று பழக்கிவிட்டு வேலைக்கு ஓடினான். மாலையில் வந்து, "எப்படிம்மா இருக்கு?" என்றான்.

"தேனா இருக்கு ராசா" என்றாள்.

மறுநாள் நான் பக்கத்திலேயே இருந்தேன். போன் முதல் பாட்டைச் சொன்னது. அம்மா முதல் வரியைக் கூடவே சொன்னாள், இரண்டாவதில் திணறினாள், மூன்றாவதில் நின்றுவிட்டாள். போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"என்னம்மா?"

"வரி எங்க முடியுதுன்னே தெரியலடி. நாலு வரியையும் ஒரே தொடுப்பா சொல்லிட்டுப் போயிடுது. மூச்சு வாங்கவே விட மாட்டேங்குது."

"அவன்கிட்ட சொல்றேன்."

"சொன்னே, உன் பல்லக் கழட்டிடுவேன். புள்ள ராவும் பகலும் உக்காந்து பண்ணியிருக்கான். என் மூச்சு குறைஞ்சுபோச்சு, அதுக்கு அவன் என்ன பண்ணுவான்?"

நானும் அப்படித்தான் நினைத்தேன். குறை அம்மாவின் மூச்சில் இருக்கிறது என்று நம்பிவிட்டேன். ஜாக்கெட் தோளில் அரை அங்குலம் தவறினாலும் பிரித்துத் தைக்கிற நான், ஆறு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். தினமும் அவன் கேட்பான், அம்மா "தேன்" என்பாள், நான் துணியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆறாவது வாரம் அம்மாவை ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். வந்த அன்று தம்பி என்னிடம் கேட்டான், "அம்மா எத்தனாவது பாட்டுல இருக்காங்க?"

எனக்குப் பொய் வரவில்லை. "முதல் பாட்டுலதான்டா."

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். கோபப்படவில்லை. அம்மா தூங்கும்போது போனை எடுத்து வந்து, தையல் அறையில் என் ஸ்டூலில் உட்கார்ந்து, அவள் வைத்திருந்த அதே மெதுவான வேகத்தில் ஓடவிட்டான். நான்கு வரியும் ஒரே மூச்சாக ஓடின. மறுபடி ஓடவிட்டான். அப்புறம் அவன் முகம் போன போக்கை என்னால் எழுத முடியவில்லை.

"ஆபீஸ்ல கீழ் அம்பு பட்டன அமுக்கி அமுக்கி வரி வரியா கேப்பேன்கா. அமுக்கினாதான் அடுத்த வரி வரும். அதனால நிக்குதுன்னு நெனச்சேன். நிறுத்தினது என் விரல். ஃபைல்ல நிறுத்தமே இல்ல."

மூன்று நாள் லீவு போட்டான். எல்லா வரிக் கடைசியிலும் ஒரே அடியாகக் காற்புள்ளி போட முடியாது. நாற்பத்தொரு இடத்தில் ஒரு சொல் இந்த வரியில் தொடங்கி அடுத்த வரியில் முடிந்தது. அங்கே போட்டால் சொல்லையே இரண்டாகக் கிள்ளிவிடும். அந்தச் சொற்களை நான் புத்தகத்தில் தேடிச் சொல்லச் சொல்ல, முழுதாக மேல் வரிக்கு இழுத்துக்கொண்டான். பிறகு ஒவ்வொரு வரியையும் தனிப் பத்தியாக்கிக் கடைசியில் காற்புள்ளி வைத்தான். அம்மாவின் போனில் ஏற்றி, அவள் கட்டிலருகே உட்கார்ந்து அவள் மூச்சு வருவதையும் போவதையும் கேட்டான். காற்புள்ளிக்குக் குரல் நிற்கிற நேரம் அவளுக்குப் போதாது என்றான். அம்மாவுக்கென்று தனிப் பிரதி எடுத்து, அதில் மட்டும் எல்லாவற்றையும் முற்றுப்புள்ளியாக மாற்றினான்.

"புள்ளி வெச்சா ஒவ்வொரு வரிக்கும் குரல் கீழ இறங்கிடுது. பாட்டு வாடிப்போன மாதிரி இருக்கு. பரவாயில்ல, நிக்குது."

நான்காம் நாள் காலை அம்மா தலையணையில் சாய்ந்து முதல் பாட்டின் நான்கு வரியையும் சொல்லி முடித்தாள்.

"நிக்குதுடா!" என்றாள். உடனே சந்தேகம். "அவ சொன்னாளா?"

"இல்லம்மா. நானேதான் கண்டுபிடிச்சேன்."

"பெரியவளே, உன் பல்லு தப்பிச்சுது."

அதன்பின் தினமும் நான்கு பாட்டு, ஐந்து பாட்டு. சில நாள் ஒன்றுகூட இல்லை. எத்தனாவதில் நிறுத்தினாள் என்று சாக்பீஸால் அறைச் சுவரில் குறித்து வந்தேன். பதினேழு நாளில் அறுபத்திரண்டு. பதினெட்டாம் நாள் பேச்சு வரவில்லை. தம்பி அறுபத்து மூன்றாவதை ஓடவிட்டான். அவள் உதடு அசைகிறதா என்று என்னைக் கேட்டான். நான் பார்த்தேன். "இல்லடா" என்றேன். அதற்கு மேல் பொய் சொல்லக்கூடாது என்று இருந்தேன். அவன் பாட்டை நிறுத்தவில்லை. நூறு வரைக்கும் அதுவாகவே சொல்லி முடித்தது. அந்த வாரம் வியாழக்கிழமை மதியம் அம்மா போய்விட்டாள்.

"ஆறு வாரம் இருந்துச்சேக்கா. நூறு தாண்டி இன்னொரு நூறு சொல்லியிருப்பாங்க" என்று ஒரே ஒரு தடவை சொன்னான். அந்த ஆறு வாரத் தவறில் பாதி என்னுடையது. அதை அவனிடம் சொன்னேன். "உன் பங்கை நீ வெச்சுக்கோ, என் பங்கை நான் வெச்சுக்கறேன்" என்றான்.

நூலகத்துக்கான பிரதியை அவன் மறுபடி முதலிலிருந்து கேட்டான். இந்த முறை அம்மாவின் போனில், அவள் வேகத்தில், விரலை மடியில் வைத்துக்கொண்டு. நாளுக்கு நான்கு பாட்டு வீதம் அதற்கு ஒரு மாதம் ஆனது. வெளியிடுவதற்கு முன் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் 'கேட்டுச் சரிபார்த்தவர்' என்று ஒரு கட்டம் உண்டு. எப்போதும் அங்கே அவன் கட்டைவிரல் ரேகைதான் இருக்கும். பள்ளிச் சான்றிதழிலிருந்து பாங்க் வரை அவனுக்கு எல்லா இடத்திலும் மைப்பெட்டியைத்தான் நீட்டியிருக்கிறார்கள். இதற்காகவே ஒரு வாரம் என்னிடம் எழுத்துப் பழகியிருந்தான். காலருக்குள் வைத்துத் தைக்கும் விறைப்பான கேன்வாஸில் விரல் நீளத்துக்கு ஒரு திறப்பு வெட்டிக் கொடுத்தேன். பேனா அந்தத் திறப்புக்குள்ளேயே நேராக ஓடும்.

அன்று நானும் கூடப் போனேன். உதவியாளர் வழக்கம்போல மைப்பெட்டியைத் திறந்தார்.

"பேனா குடுங்க" என்றான் தம்பி.

நூலகர் அம்மா நிமிர்ந்து பார்த்தார். "என்னப்பா, புதுசா?"

"ரேகையப் பாத்தா யாருதுன்னு யாருக்கும் தெரியாது மேடம். பதினாறு வருஷமா நான் பாத்த பாட்டுப் புஸ்தகம் அத்தனையும் அம்பு பட்டன்ல கேட்டதுதான். எல்லாத்தையும் இனிமே திரும்பக் கேக்கணும். யார் கேட்டாங்கன்னு பேரு இருக்கட்டும். தப்பு இருந்தா என்னைக் கூப்பிட்டுச் சொல்லட்டும். சொல்லாம இருந்துட வேணாம்."

அவர் தன் பேனாவைக் கொடுத்தார். கேன்வாஸைக் கட்டத்தின்மேல் பொருத்தி வைத்தேன். நான்கு எழுத்துப் பெயர். முதல் எழுத்து சற்றுச் சாய்ந்தது, கடைசி எழுத்து திறப்பின் ஓரத்தில் இடித்து நின்றது. தேதியை நான்தான் எழுதினேன்: 2025 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை.