மட்டுப்பாவில் ஒரு கொடிக்கயிறு

வடசேரியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் இரண்டு பகுதிகள். முன்பகுதி வீட்டுக்காரருடையது, அதன் மேல் சுண்ணாம்புத் தளம் போட்ட மட்டுப்பா, அதாவது மொட்டைமாடி. பின்பகுதி எங்களுடையது, மேலே ஓடு, ஓட்டுக்கு மேலே பலாமரம், பலாமரத்துக்கு மேலேதான் சூரியன். அது எங்கள் முற்றத்தை எட்டிப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

என் மூத்த மகள் வைகாசியில் பிறந்தாள். ஆனியில் சாரல் பிடித்தது. பிள்ளையின் துணிகளை அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயப் போட்டேன். காய்ந்தன என்று சொல்ல முடியாது, புகை குடித்தன. அந்த ஈரத்துணியைச் சுற்றிச் சுற்றி, குழந்தைக்குத் தொடையிடுக்கெல்லாம் சிவந்து புண்ணாகிவிட்டது. துணி மாற்றும்போதெல்லாம் அவள் வீறிட்டு அழுவாள், நானும் அழுவேன். என் கணவர் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று குடையைத் தேடுவார்.

தலைக்கு மேலே அத்தனை வெயில் மட்டுப்பாவில் சும்மா கிடந்தது. போன மாசியில்தான் அந்தத் தளத்தைப் போட்டார்கள். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கடுக்காய் நீரும் சேர்த்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்த தளம். அந்தத் தெருவில் வேறு எவருக்கும் மட்டுப்பா இல்லை. வீட்டுக்காரர் பார்வத்தியக்காரராக இருந்து நிலத்தீர்வை வசூலித்து ஓய்வு பெற்றவர். மாலையில் மேலே ஏறி நின்று தெருவைப் பார்ப்பார். வரி பாக்கி வைத்த ஊரைப் பார்ப்பது போலிருக்கும்.

என் கணவரை அனுப்பினேன். முப்பது பிள்ளைகளைப் பிரம்பால் ஆளுகிறவர், வீட்டுக்காரர் முன்னால் போனதும் குரல் உள்ளே போய்விட்டது.

"அண்ணாச்சி, மேல ஒரு கொடி கெட்டிக்கிடலாமான்னு... பிள்ளைக்க துணி காயமாட்டேங்கு..."

"வாயால சொன்னா நாளைக்கு நீரும் மறந்துருவீரு, நானும் மறந்துருவேன். எழுதிக் கொண்டாரும் ஓய்," என்றார் அவர்.

உத்தியோகம் போனாலும் விண்ணப்பத்தின் மேல் ஆசை போகவில்லை. நான் சொல்ல, என் கணவர் எழுதினார். சுவரில் ஆணி அடிக்கமாட்டோம். இரண்டு உடைந்த பானைகளில் மணல் நிரப்பி, மூங்கில் நட்டு, அதில்தான் கயிறு கட்டுவோம். தேங்காய்நார்க் கயிறு நனைந்தால் சாயம் இறங்கும், ஆகவே கற்றாழை நாரில் திரித்த கயிறு. துணியைச் சொட்டாமல் பிழிந்த பிறகே மேலே கொண்டுபோவோம். கால் கழுவி ஏறுவோம். குப்பை கூட்டுவோம், தண்ணீர் போகும் தூம்பு வாயில் இலை அடையாமல் பார்ப்போம். விளக்கு வைக்கும் முன் எடுத்துவிடுவோம். பிள்ளையைக் கைப்பிடிச் சுவர் ஓரம் கொண்டுபோகமாட்டோம். பிள்ளைக்கு அப்போது ஒன்றரை மாதம். எழுந்து ஓடிவிடுவாளோ என்று வீட்டுக்காரர் கேட்டாராம்.

அவர் கண்ணாடி மாட்டிப் படித்துவிட்டுத் தன் பங்குக்கும் சேர்த்தார். சாமி புறப்பாடு தெருவில் வரும் நாளில் கொடியில் ஒரு நூலும் தெரியக்கூடாது. கயிறு எந்நாளும் கைப்பிடிச் சுவரைவிடத் தாழ்ந்தே இருக்க வேண்டும். அண்டை வீட்டுக் கிணற்றடியைப் பார்க்கக்கூடாது. கடைசியாக, தென்மூலையில் அவர் மனைவி வற்றல் காயப்போடும் பாய் கிடக்கும். அந்தப் பக்கம் நாங்கள் கால் வைக்கவே கூடாது.

எல்லாவற்றுக்கும் என் கணவர் கையெழுத்துப் போட்டார். ராஜ்யத்தை எழுதிக் கொடுத்த மன்னர்கூட அவ்வளவு பணிவாகப் போட்டிருக்கமாட்டார்.

அந்தக் கயிற்றை நான் கட்டியதைப் பற்றிச் சொல்ல எனக்கு இன்றும் பெருமைதான். ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வந்தால் ஆளையே தள்ளும், துணி எம்மாத்திரம்? அதனால் இரண்டு புரியாக முறுக்கிக் கட்டி, புரிகளுக்கு நடுவே துணியின் முனையைச் செருகிவிடுவேன். எவ்வளவு அடித்தாலும் பிடுங்காது. நடுவில் தொய்ந்தால் முட்டுக் கொடுக்க ஒரு கவைக்கம்பு. பத்தே நாளில் பிள்ளையின் புண் ஆறியது. துணியில் புகை நாற்றம் போய் வெயில் வாசம் வந்தது. அதை மூக்கில் வைத்து வைத்துப் பார்ப்பேன்.

ஐப்பசியில் மழை மூன்று நாள் விடாமல் கொட்டியது. நாலாம் நாள் காலை வெயில் எட்டிப் பார்த்ததும் முதல் ஆளாக மேலே ஏறித் துணியைச் செருகிவிட்டு இறங்கினேன். சற்று நேரத்தில் வீட்டுக்காரர் எங்கள் வாசலில் வந்து நின்றார். கோயிலுக்குப் புறப்பட்ட கோலம்: புது வேட்டி, நெற்றியில் சந்தனம். என்னிடம் நேரே பேசமாட்டார், தூணிடம்தான் பேசுவார்.

"பத்தாயத்துக்கு மேல மச்சு ஊறிச் சொட்டுகு. நெல்லு நனைஞ்சாச்சு. துணி சொட்டிச் சொட்டி எனக்க மட்டுப்பாவே ஊறிப்போச்சு. இப்பமே அந்தக் கொடிய அவுக்கச் சொல்லணும்."

மூன்று நாள் வானம் கொட்டியது ஒன்றும் குற்றமில்லை. என் மகளின் நாலு முழத் துணிதான் குற்றவாளி. கணவர் பள்ளிக்கூடத்தில், அவர் இருந்திருந்தாலும் தூண் ஒன்று கூடியிருக்கும், அவ்வளவுதான். பழையபடி அடுப்புப் புகை, பழையபடி புண் என்று நினைத்துக்கொண்டேன். கொடியை அவிழ்க்க மேலே ஏறினேன். மூங்கிலை இறக்கும்போது சுவரில் உரசாமல் பார்க்க வீட்டுக்காரர் தென்புறச் சந்தில் போய் நின்றுகொண்டார்.

துணியை உருவி, கவைக்கம்பை எடுத்தபோதுதான், அதுவரை திரும்பியும் பார்க்காத தென்மூலையைப் பார்த்தேன். கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது, பச்சையாக. அதில் வற்றல் பாய் மிதந்தது. விண்ணப்பம் நினைவுக்கு வந்தது. கொடியே போனபிறகு விண்ணப்பம் என்ன? சேலையைத் தூக்கிச் செருகித் தண்ணீரில் இறங்கினேன். பாயை ஒதுக்கினால், சுவரடியில் தூம்பு வாய். அதில் கம்பை விட்டுக் குத்தினேன். கல் போல எதிர்த்தது. இன்னும் ஓங்கிக் குத்தினேன்.

தளம் போட்டதும் அது இறுகுவதற்காகத் தூம்பைத் தேங்காய் உரித்த தொண்டாலும் களிமண்ணாலும் அடைத்து, தண்ணீர் கட்டி நிறுத்துவார்கள். நாள் கழிந்ததும் அடைப்பை எடுக்க வேண்டும். வடபக்கத்துத் தூம்பில் எடுத்திருந்தார்கள். இதன் மேல் வற்றல் பாய் விழுந்துவிட்டது. அதன் பிறகு யார் பார்ப்பது? பார்க்கிறேன் என்று எழுதிக் கொடுத்த ஒரே ஆளுக்கும் அங்கே போகத் தடை.

தொண்டு பிய்த்துக்கொண்டது. மூன்று நாள் மழையும், ஊறிப்போன வற்றலும், மாசி மாதத்துக் களிமண்ணும் ஒன்றாகச் சந்தில் பாய்ந்தன.

"ஐயோ!" என்றார் வீட்டுக்காரர். முதல்முறையாகத் தூணிடம் அல்லாமல் என்னிடம்.

எட்டிப் பார்த்தேன். சந்தனம் இருந்த இடத்தில் ஒரு மிளகாய் வற்றல் ஒட்டியிருந்தது. சிரிக்கக்கூடாது என்று விண்ணப்பத்தில் எழுதவில்லை, ஆகவே சிரித்தேன்.

கொடியை அவிழ்ப்பது பற்றி அதற்கப்புறம் யாரும் வாய் திறக்கவில்லை. மத்தியானம் அவர் மனைவி பின்வாசலில் வந்து நின்றாள். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள், தோள் மட்டும் குலுங்கியது.

"பிள்ளே, அவியளுக்க வேட்டிய அலசி வச்சிருக்கேன். நம்ம பாயும் நனைஞ்சு கெடக்கு. ஒனக்க கொடியில ஒரு ஓரமாப் போட்டுக்கிடட்டாண்ணு கேக்கச் சொன்னாவ."

"எழுதிக் கொண்டாரச் சொல்லுங்க அக்கா," என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே போனாள். அவர் எழுதித் தரவில்லை. ஆனால் வேட்டியை ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் தாமே பிழிந்து, கால் கழுவி, மேலே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.