அறுபத்தேழு வயதுப் பணம்

கொழும்பில் ஒரு துணிக்கம்பனியின் சம்பளப் பிரிவில் எட்டு வருடம் இருந்தவள் விக்ரோரியா. வேலை விட்டவர், நாட்டை விட்டே போகிறவர் என்று எத்தனை பேருக்கு ஊழியர் சேமலாப நிதியை எடுக்கப் படிவம் நிரப்பிக் கொடுத்திருப்பாள் என்பது அவளுக்கே தெரியாது. 1984இல் டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோவுக்கு அகதியாக வந்து முதியோர் இல்லத்தில் தரை துடைக்கப் போனாள். இரண்டே வருடத்தில் டெனிஷ் கடிதம் வாசிக்கத் தெரிந்துகொண்டாள்.

லோரன்ஸ் வந்தது 1973இல். நீர்கொழும்புக்காரர். தளபாடத் தொழிற்சாலையில் பதின்மூன்று வருடம் வேலை. அத்தனை வருடத்தில் அவர் கற்ற டெனிஷ், மேற்பார்வையாளருக்கு 'ஓம்' சொல்லவும் பியர் வாங்கவும் போதும். நாற்பத்தெட்டு வயதில் மனைவியிடமே திரும்பிப் போக முடிவெடுத்தபோது, சம்பளச் சீட்டில் மாதாமாதம் வெட்டிய ஏ.டி.பி. என்ற ஓய்வூதியக் காசின் நினைவு வந்தது.

"அது எங்கட சேமலாப நிதி மாதிரித்தான். முழுக்க எடுக்கலாமாம். சூசைதாசன் எடுத்துத் தாறனெண்டவன். ஐந்நூறு குறோனர் குடுத்திட்டன்" என்று தேவாலயத்து வாசலில் அவளிடம் பெருமையாகச் சொன்னார்.

சூசைதாசன் அங்குள்ள தமிழருக்காகக் கந்தோர்களுக்கு இரண்டு தடவை மொழிபெயர்ப்புக்குப் போனவன். அதன்பிறகு கோட் போடாமல் வெளியில் இறங்கியதே இல்லை.

"ஆர் அவனுக்குச் சொன்னதாம், அண்ணை?"

"அவனுக்குத் தெரியும்."

"ஓம், அவனுக்கு எல்லாந் தெரியும்" என்று சிரித்தாள். அந்த மனிதருக்கு அந்தச் சிரிப்பும் விளங்கவில்லை.

திங்கட்கிழமை வேலை முடிந்ததும் அவரைத் தொழிற்சங்க அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கிருந்த இங்கர் என்ற பெண் கொழும்புக் கந்தோர்க்காரரைப் போல ஆளை அலைக்கழிக்கவில்லை. லோரன்ஸின் அடையாள இலக்கத்தைக் குறித்து, ஹில்லரொட்டில் இருக்கும் ஏ.டி.பி. அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டு, நிதானமாகச் சொன்னாள். விக்ரோரியா தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"ஏ.டி.பி.யில மூண்டில ஒரு பங்கு உங்கட சம்பளத்தில வெட்டினது. மற்ற ரெண்டு பங்கும் தொழிற்சாலை கட்டினது. நாட்டை விட்டுப் போறதெண்டு அதைத் திருப்பித் தரமாட்டினம்."

"எனக்குச் சொந்தமான காசு."

"சொந்தம்தான். அறுபத்தேழு வயதில கேட்டால் தருவினம். நீர்கொழும்பில இருந்தாலும் தருவினம்."

லோரன்ஸ் மேசையைப் பார்த்தார். "அப்ப அரசாங்கத்தின்ர முதியோர் பென்சன்? வரி கட்டினேனே."

இங்கர் இல்லையென்று தலையசைத்தாள். அது கட்டிய காசுக்குக் கிடைப்பதல்ல, நாட்டில் வாழ்ந்த காலத்துக்குக் கிடைப்பது. டெனிஷ் குடியுரிமை இல்லாதவர் பத்து வருடமாவது இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். அதில் ஐந்து வருடம் பென்சன் வயதுக்குச் சற்று முன்னர் இருக்க வேண்டும். இலங்கையோடு ஒப்பந்தம் எதுவும் இல்லை. இங்கு வேலை செய்த காலத்தை அங்குள்ளதோடு கூட்டவும் வழியில்லை.

"குடியுரிமைக்கு விண்ணப்பிச்சனீங்களா?" என்று விக்ரோரியா கேட்டாள்.

"எனக்கென்னத்துக்கு? ஒரு வருஷம், ரெண்டு வருஷம் இருந்திட்டுப் போவமெண்டிருந்தன்."

பதின்மூன்று தரம் அந்த ஒரு வருடத்தைப் புதுப்பித்த மனிதர். அவளுக்கு வாய்விட்டுத் திட்ட வேண்டும்போல இருந்தது. ஆனால் தன்னைத்தான் முதலில் திட்ட வேண்டும் என்று உள்ளே ஒன்று குத்தியது. உலகத்துக்கெல்லாம் படிவம் நிரப்பியவள், தன் எட்டு வருடச் சேமலாப நிதியை எடுக்காமல் ஓடி வந்துவிட்டாள். படிவத்தில் கையொப்பத்தை உறுதிப்படுத்த இலங்கைத் தூதரகத்துக்குப் போவதா? அகதி என்று எழுதிக் கொடுத்தவள் போக மாட்டாள். பெண்களுக்கு அதைக் கொடுக்கும் ஐம்பது வயது வரைக்கும் அங்கேயே கிடக்கட்டும்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் நிற்கும்போது சூசைதாசனைப் பிடித்தாள்.

"அண்ணையின்ர ஐந்நூறைத் தாரும்."

"நான் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறன், அக்கா."

"எந்தக் கந்தோருக்கு? விலாசத்தைச் சொல்லும்."

அவன் கொப்பனேகன் என்றான்.

"ஹில்லரொட்" என்றாள் அவள், மற்றவர்களுக்கும் கேட்க. அவன் சட்டைப்பைக்குள் கைவிட்டு நானூற்று ஐம்பது எடுத்தான். மீதி முத்திரைச் செலவாம். அந்த ஐம்பதை அவனுடைய கோட்டுக்கே வைத்துக்கொள்ளச் சொன்னாள்.

லோரன்ஸ் நன்றி சொல்லவில்லை. காசு வராதென்று சொன்னவளே காசைக் கெடுத்ததாக அவருக்குக் கோபம். ஆனாலும் ஹில்லரொட்டுக்கு அவள் எழுதிக் கொண்டுவந்த கடிதத்தில், நீர்கொழும்பு விலாசத்தின் கீழே ஒப்பமிட்டார்.

"வீடு மாறினால் ஒவ்வொரு முறையும் அவையளுக்கு எழுதுங்கோ. அறுபத்தேழு வர நீங்களாத்தான் கேக்கவேணும். ஒருதரும் தேடி வராயினம்."

"பத்தொன்பது வருஷம். அதுவரைக்கும் நான் இருக்கிறனோ."

"இல்லாட்டி மனிசி கேட்டுப் பாக்கட்டும். கடுதாசியளைப் பெட்டிக்கடியில போடாதேங்கோ."

செப்டெம்பரில் அவர் போனார். இரண்டு மாதம் கழித்து ஒரு தபாலட்டை வந்தது. சேமம், வெயில், மனைவிக்குக் கால் நோவு. கடைசி வரியில், ஹில்லரொட்டிலிருந்து பதில் கிடைத்ததென்றும் டெனிஷில் இருப்பதால் விளங்கவில்லையென்றும் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தையே உறையில் போட்டு அவளுக்கு அனுப்ப அவருக்குத் தோன்றவில்லை.