யாரை மங்கலாக்குவது

வைதேகி சிங்கப்பூருக்கு வந்து ஒன்பது வருடமாகிறது. கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தவள். கணவன் ஸ்ரீநாத்துக்குத் தஞ்சோங் பகாரில் வேலை கிடைத்து, புக்கிட் பாத்தோக்கில் வாடகைக்கு வீடு பார்த்து வந்தார்கள். மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் பகல் பொழுது நீண்டுவிட்டது. கணினியில் படங்களை வெட்டி ஒட்டுவது எப்படி என்று வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டாள். பக்கத்து வீட்டுக் குழந்தையின் பிறந்தநாள் அட்டையில் ஆரம்பித்தது, டன்லப் ஸ்திரீட்டில் மாடியில் இருக்கும் அப்துல் கையூமின் அச்சகத்தில் வேலையாக முடிந்தது. அங்கே சேர்ந்து ஐந்து வருடம். கல்யாண அழைப்பிதழ்களுக்குப் பின்னணிப் படம் தயாரிப்பது அவள் பொறுப்பு.

வேலை அவளுக்குப் பழகிப்போயிருந்தது. ஜோடியின் புகைப்படம் வரும். ஜோடியைத் தனியே வெட்டி எடுத்து வைப்பாள். அவர்கள் நின்ற இடத்தை மரமோ சுவரோ கொண்டு நிரப்பிவிட்டு, அதன்பிறகுதான் பின்னணியை மங்கலாக்குவாள். அப்படி நிரப்பாமல் மங்கலாக்கினால் புடவையின் சிவப்பு பின்னணிக்குள் கசிந்து, ஆளைச் சுற்றி ஒளிவட்டம் போலத் தெரியும். பிறகு ஜோடியை மேலே வைத்து, இரண்டு மூலைகளில் பூக்களைப் படர விடுவாள். எழுத்து வரும் இடத்தில் பூவும் வரக்கூடாது, முகமும் வரக்கூடாது. "எழுத்துக்கு இடம் விடலைன்னா அது கார்டு இல்ல, காலண்டர்" என்பார் கையூம் பாய்.

ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கமலாம்பிகை படியேறி வந்தார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். ஈசூனில் இருந்து வருவதாகவும், அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றதாகவும் சொன்னார். உட்காரச் சொன்னபோது நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார். கைத்தொலைபேசியில் ஒரு படத்தைத் திறந்து வைதேகியிடம் நீட்டினார்.

நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் எடுத்த படம். இடப்பக்கம் முன்னால் ஓர் இளம் ஜோடி கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றது. அவர்களுக்குப் பின்னால், வலப்பக்கம், தண்ணீருக்கு முன்னால் போட்ட பெஞ்சில் வயதான இருவர். பெரியவர் ஒருவர் கச்சாங் பூத்தே என்னும் கடலைப் பொட்டலத்தை நீட்டிக்கொண்டு ஏதோ சொல்ல, பக்கத்தில் இருந்த கமலாம்பிகை வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இத வச்சுத்தாம்மா கார்டு செய்யணும். பின்னாடி எல்லாம் மங்கலா, பூவெல்லாம் போட்டு, எழுத்துக்கு இடம் விட்டு."

"செஞ்சிடலாம் ஆன்ட்டி. முன்னாடி நிக்கறவங்க யாரு?"

"என் மக வினுஷா. பக்கத்துல யதீசன்."

"வாசகம் கொண்டு வந்திருக்கீங்களா?"

கமலாம்பிகை கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டார். "வினுஷா எழுதித் தர்றேன்னு சொல்லியிருக்கா. அப்புறமா வாட்ஸ்ஆப்புல அனுப்புவா." அதற்குமேல் பேச விரும்பாதவர்போல எழுந்துவிட்டார்.

வைதேகி ஆர்டர் தாளில் எழுதினாள்: மணமகள் வினுஷா, மணமகன் யதீசன்.

அன்று மாலைக்குள் முதல் படம் தயாராகிவிட்டது. வினுஷாவும் யதீசனும் பளிச்சென்று இருந்தார்கள். தண்ணீர், மரங்கள், பெஞ்சு எல்லாம் பால் கலந்ததுபோலக் கரைந்திருந்தன. வலப்பக்கம் எழுத்துக்கு அகலமான இடம். பெஞ்சில் இருந்த இருவரும் இரண்டு நிறத் திட்டுகளாகத்தான் எஞ்சியிருந்தார்கள். அந்தத் திட்டுகளும் எழுத்துக்கு இடைஞ்சலாக இருந்ததால் அவற்றின் மேல் ஒரு கொத்து மல்லிகையை வைத்து மறைத்தாள். தனக்கே பிடித்துப்போய்த்தான் அனுப்பினாள்.

பதில் வந்தது. "அழகா இருக்கும்மா. ஆனா எங்களக் காணோமே?"

பெற்றோருக்கும் ஆசை இருக்கும்தானே என்று நினைத்துக்கொண்டாள். மல்லிகையை எடுத்துவிட்டு, பெஞ்சு இருக்கும் பகுதியில் மட்டும் மங்கலைக் குறைத்தாள். முகங்கள் தெரிந்தன. எழுத்துக்கு இருந்த இடம் போய்விட்டது. மாதிரிக்குப் போட்ட தங்க எழுத்து ஒன்று பெஞ்சில் இருந்த பெரியவரின் நெற்றியில் விழுந்தது. அவர் பெயர் ஜெயரத்தினம் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது. எழுத்தைச் சின்னதாக்கி, மேலே ஒதுக்கி, எப்படியோ சமாளித்து இரண்டாவது படத்தை அனுப்பினாள்.

"இப்ப நல்லாத் தெரியுது. ஆனா எழுத்துக்கு ஏன் இவ்ளோ கஷ்டப்படுறீங்க? வினுஷா யதீசன் மேலயே போட்டுடலாமே. அவங்க தெரியணும்னு இல்ல."

வைதேகி அந்தச் செய்தியை மூன்று முறை படித்தாள். கல்யாணப் பெண் மேலும் மாப்பிள்ளை மேலும் எழுத்தைப் போடச் சொல்கிறார் பெண்ணைப் பெற்றவர். தட்டச்சுப் பிழையாக இருக்குமோ? கையூம் பாயிடம் காட்டினாள்.

"கஸ்டமர் கேக்கறதக் குடுத்துட வேண்டியதுதான் லா," என்றார் அவர், கண்ணாடியைக்கூடப் போடாமல்.

"எப்படி பாய்? பொண்ணு பாத்தா அழாதா?"

"அதான் அம்மாவே சொல்றாங்களே."

வீட்டில் சாப்பிடும்போது ஸ்ரீநாத்திடம் கேட்டாள். "மாப்பிள்ளைய அம்மாவுக்குப் பிடிக்கலையோ என்னவோ," என்றான் அவன். அப்படியென்றால் மகளையும் ஏன் மறைக்க வேண்டும்? இரவு முழுவதும் அது அவளை அரித்துக்கொண்டிருந்தது. கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு, விடை தப்பாக வந்தால் எந்த வரியில் தவறு என்று தேடித்தான் பழக்கம். இங்கே எல்லா வரியும் சரியாகவே இருந்தது.

வியாழக்கிழமை காலையில் வினுஷாவிடமிருந்து வாசகம் வந்தது.

"எங்கள் தாயார் கமலாம்பிகை அவர்களுக்கும், அன்புக்குரிய ஜெயரத்தினம் அவர்களுக்கும் நடைபெறவிருக்கும் திருமணத்திற்குத் தங்களை அன்புடன் அழைக்கிறோம்."

வழக்கமாக அழைப்பிதழில் பெற்றோர் பெயர் முதலில் வரும், அப்புறம்தான் மணமக்கள். வாசகம் எழுதித் தெரியாத பெண், இடம் மாற்றி எழுதிவிட்டாள் என்றே வைதேகிக்குத் தோன்றியது. உடனே போன் செய்தாள்.

"மேடம், வாசகத்துல உங்க பேரு விட்டுப்போச்சு. மணமகள் இடத்துல அம்மா பேரு வந்திருக்கு."

"என் பேரு எதுக்கு? கீழ 'அழைப்பவர்கள்'னு இருக்கு பாருங்க, அதுல இருக்கே."

"இல்ல மேடம், உங்க கல்யாணம்..."

"எனக்குக் கல்யாணம் ஆகி ஆறு வருஷமாச்சு!" வினுஷா சிரித்துவிட்டாள். "அம்மாவுக்குத்தான் கல்யாணம். அம்மா உங்ககிட்ட சொல்லலையா? ஐயோ, வாயே திறந்திருக்க மாட்டாங்க. அப்பா போய்ப் பதினொரு வருஷம். அங்கிளும் தனியா இருந்தவர். ரெண்டு பேரும் லைப்ரரியில பழக்கம்."

வைதேகி போனை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். தான் இரண்டு நாளாகக் கரைத்தும் மல்லிகைக் கொத்தால் மூடியும் வைத்திருந்தது மணமக்களை. நானூறுக்கும் மேல் அட்டைகள் செய்திருந்தாள். எல்லாவற்றிலும் இளையவர்கள் முன்னால், பெரியவர்கள் பின்னால். அதனால் கேட்கவே தோன்றவில்லை.

மதியம் கமலாம்பிகையே வந்தார். கூடவே உயரமான, வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர்.

"மன்னிச்சிருங்க ஆன்ட்டி," என்று வைதேகி எழுந்தாள்.

"நீங்க எதுக்கு? நான்தான் சொல்லல," என்றார் கமலாம்பிகை. "எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"நான்தான் மாப்பிள்ளை," என்றார் ஜெயரத்தினம். "எங்கள பளிச்சுனு வச்சிடுங்க. பழையபடி பூவுக்குள்ள போட்டுடாதீங்க."

வைதேகி புதிதாகத் தொடங்கினாள். பெஞ்சையும் அதற்கு மேலே இருந்த தண்ணீரையும் மட்டும் நெட்டுவாக்கில் வெட்டி எடுத்தாள். அப்போதுதான் வேறு ஒரு சிக்கல் தெரிந்தது. ஐந்துக்கு ஏழு அங்குல அட்டைக்கு அகலத்தில் ஆயிரத்து ஐந்நூறு படப்புள்ளிகள் வேண்டும். வெட்டிய துண்டில் தொள்ளாயிரம்தான் இருந்தது. அதுவும் கேமரா குறிவைத்தது முன்னால் நின்ற இளையவர்களை. பெஞ்சில் இருந்தவர்களின் முகம் எடுத்தபோதே சற்று மங்கல்.

"அங்கிள், இதுக்கு மேல பளிச்சுனு வராது. எவ்வளவு கூர்மையாக்கினாலும் தோல்தான் சொரசொரன்னு ஆகும்."

"அப்ப வேற படம் எடுத்துக்கலாம். இன்னைக்கே ஸ்டூடியோ போலாமே."

"வேணாம்," என்றார் கமலாம்பிகை, அன்றைக்கு முதல் முறையாகச் சத்தமாக. "ஸ்டூடியோவுல நான் இப்படிச் சிரிக்க மாட்டேன்." பிறகு அவரே குழம்பினார். "ஆனா முகம் தெரியணுமா வேண்டாமான்னு எனக்கே புரியல. தெரிஞ்சா, இந்த வயசுல இது தேவையாம்பாங்க. தெரியலன்னா, மறைச்சுட்டாம்பாங்க."

வைதேகி திரைக்குத் திரும்பினாள். வெட்டிய துண்டை அட்டை அளவுக்குப் பெரிதாக்கினாள். இருவரின் முகத்தையும் உடலையும் தொடவில்லை, இருந்தபடியே விட்டாள். சுற்றியிருந்த தண்ணீரையும் தூரத்து மரங்களையும் மட்டும் மங்கலாக்கினாள். எல்லாமே மென்மையாக ஆனதும் பெரிதாக்கியது யார் கண்ணிலும் படவில்லை; முகங்கள் அந்தப் பின்னணிக்கு முன்னால் முன்பைவிடத் துலக்கமாகவே தெரிந்தன. இடது ஓரத்தில் யதீசனின் தோள் பாதி நுழைந்திருந்தது. அதன்மேல் மல்லிகையும் இளஞ்சிவப்பு அல்லியும் கலந்து ஒரு கொத்தைக் கீழிருந்து மேலாகப் படர விட்டாள். எதிர் மூலையில் மேலே இரண்டே கிளை. அவர்கள் தலைக்கு மேல் இருந்த தண்ணீர் முழுவதும் எழுத்துக்கு. அலையின் கோடுகள் எழுத்தோடு குழம்பாமல் இருக்க, சந்தன நிறத்தில் மெல்லிய படலம் ஒன்றை மேலிருந்து கீழே தேய்ந்து மறையும்படி போட்டாள். வாசகத்தை அடர்ந்த அரக்கு நிறத்தில் வைத்தாள். முகத்துக்குப் பக்கத்தில் ஓர் எழுத்துகூட வரவில்லை.

ஜெயரத்தினம் குனிந்து பார்த்தார். "பொட்டலம் தெரியுது," என்றார்.

கமலாம்பிகை வெகுநேரம் பார்த்தார். "இவ்வளவுதான் தெரியுமா?"

"இவ்வளவுதான் ஆன்ட்டி."

"அப்ப சரி. தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்."

நூற்றிருபது அட்டைகள் அச்சாகிப் போயின. அட்டையின் பின்புறம் அச்சகத்தின் எண் சின்ன எழுத்தில் இருக்கும். அடுத்த வாரம் இராமசாமி என்று ஒருவர் அழைத்தார்.

"கமலாம்பிகை வீட்டுக் கார்டு உங்க கடைதானே? பேரெல்லாம் மாறிப்போயிருக்கு. பொண்ணு இடத்துல அம்மா பேர அடிச்சிருக்கீங்க. அவங்க பாவம், கவனிக்கல போல."

"மாறல சார். சரியாத்தான் அச்சாகியிருக்கு."

மறுமுனையில் காகிதம் திருப்பும் ஓசை கேட்டது. "அப்ப படத்துல இருக்கறது..."

"அவங்கதான் சார்."

"அடடே," என்றார் அவர். பிறகு, "முகூர்த்தம் காலையில ஒன்பதரைதானே? அதாச்சும் சரியா இருக்கா?" என்று கேட்டார்.

வைதேகி கோப்பைத் திறந்து பார்த்துச் சொன்னாள். ஒன்பதரைதான்.