பற்றரித் தண்ணீரில் கழுவிய இரத்தம்

இயந்திரம் எண் காட்டவேண்டிய இடத்தில் நட்சத்திரப் புள்ளிகளை அச்சடித்திருந்தது. மொத்த வெள்ளையணு எண்ணிக்கை மட்டும் தெரிந்தது: எண்பத்தாறாயிரம். பதினோராயிரத்தைத் தாண்டினாலே நாங்கள் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்போம். அவற்றை வகை பிரித்துச் சொல்லவேண்டிய வரிகளில் நட்சத்திரங்கள்தான் இருந்தன. எனக்கு விளங்கவில்லை, நீயே பார் என்று அந்த இயந்திரம் சொல்வது அப்படித்தான்.

தீவுப்பகுதியில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. நாள் முழுக்கச் சீனி, சிறுநீர், டெங்குக் காய்ச்சல்காரரின் பிளேட்லெட் என்கிற குருதிச் சிறுதட்டு. படித்ததெல்லாம் கையில் துருப்பிடிக்கிறதே என்று எனக்கு ஒரே அந்தரம். ஆகவே அந்தத் தாளைக் கையில் எடுத்தபோது மனம் துள்ளியதென்றுதான் எழுதவேண்டும். துள்ளிய கையோடு யன்னலால் வெளியே பார்த்தேன். அந்த இரத்தத்துக்குச் சொந்தக்காரர் வலது காலில் பன்டேஜுடன் கதிரையில் இருந்து மனைவியோடு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அனலைதீவுக்காரர். புகையிலைத் தோட்டமும், இடையிடையே கடலும். கரைவலையில் நின்றபோது திருக்கை முள் காலில் ஏறிவிட்டது. புண் பழுத்து, காய்ச்சலும் வந்தபிறகுதான் வள்ளம் ஏறி ஊர்காவற்றுறைக்கு, எங்களிடம் வந்திருந்தார். பின்நேர வள்ளத்தில் திரும்பிப் போய்விடவேண்டும் என்பதில் குறியாக இருந்தார். புகையிலைக் கன்றுக்கு அந்த மாதத்தில் தண்ணீர் தப்பக்கூடாது.

டொக்டரிடம் தாளைக் கொண்டுபோனேன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அவருக்கும் இதுதான் முதல் நியமனம்.

"கால் அந்த மாதிரிப் பழுத்துக் கிடக்குது. கூடத்தானே செய்யும்," என்றார்.

"இவ்வளவு கூடுமோ, டொக்டர்?"

"இருபது, முப்பது எண்டால் யோசிச்சிருக்கமாட்டன். இது..." பேனையால் எண்ணைத் தட்டினார். "கடும் கிருமித் தொற்றிலயும் சிலருக்கு இப்பிடி ஏறும். நீர் படத்தைப் பாரும். அவருக்கு வள்ளம் இருக்கு. பாத்திட்டுச் சொல்லும், அதுக்குப் பிறகு விடுறதோ மறிக்கிறதோ எண்டு யோசிப்பம்."

படம் என்றால், ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் மெல்லிய படலமாக இழுத்து, காயவைத்து, சாயம் ஊற்றிப் பார்ப்பது. எண்ணிக்கை எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று சொல்லும். வந்தவர்கள் யார் என்று படம்தான் சொல்லும்.

இழுப்பதற்கு முன் வெளியே போய் அவரிடம் விசாரித்தேன். வெள்ளையணு கூடுவதற்குக் காரணம் ஒன்றல்ல. ஓடிக் களைத்தாலும் கூடும், பயந்தாலும் கூடும், கர்ப்பிணிகளுக்கும் கூடும், சுருட்டாலும் ஸ்டீரொயிட் குளிசையாலும் கூடும்.

"அண்ணை, சுருட்டுக் குடிக்கிறனீங்களோ?"

"தோட்டத்தில விளையிறதைப் பாழாக்கேலுமோ, பிள்ளை?"

"நோவுக்கு, முட்டு இழுப்புக்கு எண்டு குளிசை ஏதும் எடுத்தனீங்களோ? முகம் ஊதிற மாதிரி?"

"நோவுக்கு இரண்டு வெள்ளைக் குளிசை. பனடோல்."

"சாப்பாடு?"

இதற்கு மனைவி முந்திக்கொண்டார். "ரெண்டு கவளத்தில வயிறு நிறைஞ்சிட்டுதெண்டு எழும்புறார், தங்கச்சி. சாரம் இடுப்பில நிக்குதில்லை. என்ர சமையல்தான் பிழையாம்."

"பிழைதான்," என்றார் அவர்.

சுருட்டு கொஞ்சம் கூட்டும், எண்பத்தாறாயிரத்துக்குக் கூட்டாது. அந்த இரண்டு கவளம் என் காதில் நின்றது.

படலத்தை இழுத்துச் சாயமிட்டேன். சாயத்துக்கு மேல் ஊற்றுவதற்கும் பிறகு கழுவுவதற்கும் தனியாக ஒரு தண்ணீர் வேண்டும். காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு குளிசையைக் கரைத்து, புளிப்பும் காரமும் ஏறாத நடு நிலையில் அதை வைத்திருப்போம். அந்தக் கிழமை யாழ்ப்பாணத்திலிருந்து வடித்த தண்ணீர் வந்துசேரவில்லை. தட்டுப்பாடு வரும் நேரங்களில் வடிகட்டிய குழாய்த் தண்ணீரிலேயே குளிசையைக் கரைப்பது எங்கள் அறையின் பழக்கம். எனக்கு முன் இருந்தவர்களும் அப்படித்தான் செய்தார்களாம்.

நுணுக்குக்காட்டியில் கண் வைத்தேன். பார்வை வட்டம் நிறைய வெள்ளையணுக்கள். நியூட்ரோபில் என்கிற வகை ஏராளம். ஒவ்வொன்றின் உள்ளேயும் பொடியாக இருக்கவேண்டிய மணிகள் தடித்துக் கறுத்திருந்தன. கடும் தொற்றின்போது அந்த மணிகள் தடிக்கும் என்று படித்திருக்கிறேன். கிருமிதான். டொக்டர் சொன்னது சரி, மனிதர் வள்ளம் ஏறலாம். எனக்குள் ஏதோ சப்பென்று போனது. அப்படிப் போனது எனக்கே பிடிக்கவில்லை.

ஆனால் முதிராத அணுக்களும் அங்கே நிறையவே இருந்தன. இடையிடையே வேறு மணியணுக்களும். எல்லாம் சாம்பல் நீலம். அவற்றில் எது எதுவென்று என்னால் சத்தியம் பண்ண ஏலவில்லை. செம்மணி கொண்ட ஒருவகை உண்டு: பூச்சிக்கும் ஒவ்வாமைக்கும் கூடுவது, இங்கே அடிக்கடி காண்பது. கருமணி கொண்ட இன்னொரு வகை உண்டு, பேசோபில். அது சாதாரண இரத்தத்தில் நூற்றில் ஒன்றுகூட இருக்காது. அது கூடியிருந்தால் கதை வேறு: இரத்தப் புற்றுநோயாக இருக்கலாம். அப்போதுதான் பின்னணியில் இருந்த சிவப்பணுக்களைக் கவனித்தேன். இளஞ்சிவப்பாக இருக்கவேண்டியவை மழை மேகம்போல் சாம்பல் பூத்திருந்தன.

என் விரலைக் குத்தி ஒரு படலம் இழுத்தேன். அதே சாயம், அதே தண்ணீர். பார்த்தால் எனக்கும் கடும் தொற்று! என் நியூட்ரோபில்களிலும் அதே தடித்த மணிகள்.

சிறுநீர் சோதிக்கும் பட்டியொன்றை அந்தத் தண்ணீரில் தோய்த்தேன். காரத்தைக் காட்டும் கட்டம் கடும் நீலமாக மாறியது. தீவுத் தண்ணீர் கேத்திலின் அடியில் சுண்ணாம்பு படியவைக்கிற தண்ணீர்; ஒரு குளிசையால் அதை அடக்க முடியவில்லை. காரம் கூடிய தண்ணீர் எல்லாவற்றையும் நீலமாக்கும். செம்மணியும் நீலம், கருமணியும் நீலம். சாதுவான மணியும் நோயாளி மணியாகும். தண்ணீர் பொய் சொல்லியிருக்கிறது.

வடித்த தண்ணீருக்கு எங்கே போவது? இறங்குதுறைப் பக்கம் வள்ள இயந்திரங்களுக்குச் சாமான் விற்கும் கடை ஒன்று இருக்கிறது. பற்றரிக்கு ஊற்றுவதும் வடித்த தண்ணீர்தான். சைக்கிளை எடுத்தேன்.

"பற்றரித் தண்ணி ஒரு போத்தில் தாங்கோ, அண்ணை. அசிட் கலக்காதது, வெறும் தண்ணி."

"அம்புலன்ஸ் நிண்டிட்டுதோ?"

"இல்லை, ரத்தம் கழுவ."

கடைக்காரர் போத்தலைத் தந்துவிட்டு, பக்கத்தில் நின்றவரிடம், "இனி ஆஸ்பத்திரிப் பக்கம் போகேலாது, மச்சான்," என்றது பின்னால் கேட்டது.

குளிசையைக் கரைத்துப் பட்டியைத் தோய்த்தேன். மஞ்சள் கலந்த பச்சை, அதுதான் வேண்டும். இரண்டு படலங்களையும் புதிதாக இழுத்தேன். சாயம் ஊறும் அந்தச் சில நிமிடங்கள் எனக்கு இறங்குதுறையில் வள்ளம் தயாராகும் சத்தம்தான் காதில். உண்மையில் அது அவ்வளவு தூரம் கேட்காது.

முதலில் என் இரத்தம். சிவப்பணுக்கள் இளஞ்சிவப்பு, மணிகள் பொடிப் பொடியாக. நான் சுகம். பிறகு அவருடையது.

தடித்த மணிகள் காணாமல் போயிருந்தன. தொற்றென்றால் பெரும்பாலும் முதிர்ந்தவை நிற்கும். முதிர்ச்சிக்கு ஓரிரு படி முந்தியவை கொஞ்சம் சேர்ந்து வரும். இங்கே எலும்பு மச்சைக்குள் இருந்து வளரவேண்டிய எல்லாப் படிகளும் தெருவுக்கு வந்திருந்தன. மிக இளைய மூல அணுக்களும் ஒன்றிரண்டு நின்றன. அவையே நிறைந்திருந்தால் அது இன்னும் அவசரமான வேறு புற்றுநோய். செம்மணி அணுக்கள் தோடம்பழச் செம்மஞ்சள் நிறத்தில் தனியாகப் பிரிந்துவிட்டன. பிரிந்தபின் மிஞ்சியவை கருமணிகள். பேசோபில்கள். ஒன்று, அடுத்த இடத்தில் இன்னொன்று, பிறகும் ஒன்று. குருதிச் சிறுதட்டுகளும் அளவுக்கு மிஞ்சி. காலில் புண் உண்மை. ஆனால் புண்ணுக்கு முந்தியே இது தொடங்கியிருக்கிறது.

இம்முறை மனம் துள்ளவில்லை.

டொக்டர் பார்த்தார். நீண்ட நேரம் கண்ணை எடுக்கவில்லை. பிறகு எழுந்து போய் அனலைதீவுக்காரரைக் கட்டிலில் படுக்கச் சொல்லி, இடது விலாவுக்குக் கீழே கையை வைத்து, மூச்சை இழுக்கச் சொன்னார். கை அங்கேயே நின்றது. வீங்கிய மண்ணீரல்தான் அவருடைய வயிற்றை இரண்டு கவளத்தில் நிறைத்திருக்கிறது.

"இண்டைக்கே யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போகோணும்," என்றார் டொக்டர். "இரத்தத்தில ஒரு வருத்தம் இருக்குமோ எண்டு சந்தேகம். அங்க அதுக்கெண்டு படிச்ச டொக்டர் இருக்கிறார். அவர்தான் முடிவாச் சொல்லோணும்."

"முள்ளு குத்தினதுக்கோ?" அவர் எழுந்து சேர்ட்டைப் பூட்டினார். "அடுத்த கிழமை போறன். தோட்டம் காயுது."

டொக்டரை வெளியே யாரோ கூப்பிட்டார்கள். வெள்ளையணு அளவுக்கு மிஞ்சிக் கூடிவிட்டதென்று நான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"வெள்ளையணு எண்டுறது காவல்காரர்தானே, பிள்ளை? பள்ளிக்கூடத்தில படிச்சனான். காவலுக்கு ஆக்கள் கூட நிண்டா நல்லதுதானே."

எனக்கு விளங்கப்படுத்துவதென்றால் வாய் நிற்காது. "காவலுக்கு வந்தவை முழு ஆக்களில்லை, அண்ணை. பயிற்சி முடியாத பிள்ளையள். வளர முந்தியே பிடிச்சு எல்லைக்கு அனுப்பின மாதிரி. எண்ணிக்கைதான் கூட..."

அவருடைய கை பொத்தானில் நின்றது. மனைவி தலையைக் குனிந்தார். போர் முடியும்போது நான் சின்னப்பிள்ளை. பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசியதைத் தவிர ஒன்றும் அறியேன். என்ன சொன்னேன் என்பது சொல்லி முடித்தபிறகுதான் எனக்கு உறைத்தது.

"பிள்ளையளை அப்பிடி அனுப்பினதைக் கண்டனான்," என்றார் அவர், மெதுவாக. "வளந்த ஆக்களில்லாம வீடு எவ்வளவு காலியெண்டு இப்ப விளங்குது."

பிறகு மனைவியிடம், "நீ வள்ளத்தில போ. தண்ணி மோட்டரை இரவைக்குப் போடாத, வெள்ளன போடு. வடக்குப் பக்கப் பாத்தி முதல்."

"நானும் வாறன்."

"ஆர் தண்ணி விடுறது?"

மனைவி என்னைப் பார்த்தார். டொக்டர் கடிதம் எழுதினார். நான் படலங்களைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தேன். அனலைதீவுக்காரர் அதைச் சேர்ட் பைக்குள் போட்டுக்கொண்டு, நொண்டி நொண்டி பஸ்ஸுக்குப் போனார். மனைவி இறங்குதுறைப் பக்கம் போனார். இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை, அல்லது நான் பார்த்த நேரத்தில் பார்க்கவில்லை.

பெரியாஸ்பத்திரியில் படத்தை அதே மாதிரித்தான் வாசித்தார்கள். பிறகு மரபணுச் சோதனையும் அதை உறுதி செய்தது: மெதுவாக வளரும் வகை இரத்தப் புற்றுநோய். நாள் தவறாமல் எடுக்கவேண்டிய குளிசை ஒன்று அதற்கு இருக்கிறது. அது பலருக்கு நல்லபடி வேலை செய்யும். அவருக்கும் எண்ணிக்கை இறங்கியது. இரத்தம் எடுக்க எங்களிடமே வருவார். கடல் கொந்தளித்து வள்ளம் ஓடாத நாட்களில் குளிசை கைவசம் இருக்குமோ என்று டொக்டரும் நானும் யோசித்துக்கொண்டிருப்போம்.

போன முறை கையை நீட்டியபடி கேட்டார்: "இப்ப நிக்கிறவை வளந்த ஆக்களோ, பிள்ளை?"

இயந்திரம் எட்டாயிரம் என்று காட்டியது. வரிகளில் நட்சத்திரம் இல்லை. ஓம் என்று சொல்லியிருக்கலாம்.

"பொறுங்கோ அண்ணை, பாத்திட்டுச் சொல்லுறன்," என்றுவிட்டு, வடித்த தண்ணீர்ப் போத்தலைத் திறந்தேன்.