ஐம்பத்திரண்டு வயது ஆணின் சிறுநீர்

தாம்பரம் மேற்கில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நான் டெக்னீஷியன். வருகிறவர்களிடம் தினமும் ஒரே பாட்டைப் பாடுவேன். கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதை மட்டும் டப்பாவில் பிடியுங்கள். சரியாகச் செய்யாதவர்களைப் பார்த்து உள்ளுக்குள் தலையில் அடித்துக்கொள்வேன். அப்பேர்ப்பட்ட நான், என் சொந்த சாம்பிளை ஷேர் ஆட்டோவைப் பிடிக்கிற அவசரத்தில் முதல் சொட்டிலிருந்தே பிடித்துக்கொண்டு வந்தேன்.

அப்போது நான் நாலு மாதம். அதற்கு முன் இரண்டு முறை தங்கவில்லை. இரண்டு முறையும் லேபில் எல்லோருக்கும் லட்டு கொடுத்துவிட்டு, பிறகு எல்லோருடைய ஆறுதலையும் வாங்கிக்கட்டிக்கொண்டவள். இந்த முறை வீட்டைத் தாண்டி மூச்சு விடவில்லை. டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சிறுநீர்ப் பரிசோதனையைக்கூட ரகசியமாக நானே பார்ப்பதாகத் திட்டம். டியூபில் பெண் என்று எழுதினால் மாட்டிக்கொள்வேனாம். 'ஆண், 52' என்று எழுதினேன். என்ன ஒரு மூளை.

டியூபை மெஷினில் சுழலவிட்டு, அடியில் தங்கியதில் ஒரு சொட்டை ஸ்லைடில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். பஸ் செல் என்று நாங்கள் சொல்லும் சீழணு, ஒரு பார்வைக்கு எட்டு பத்து. ஐந்துக்குள் இருந்தால்தான் கவலையில்லை. ஆனால் கூடவே எபிதீலியல் செல் அப்பளம் அப்பளமாகப் பரவிக் கிடந்தது. அது தோலிலிருந்து உதிர்ந்து கலப்பது. அவ்வளவு இருந்தால் சாம்பிளே சரியில்லை, சீழணுவும் வெளியிலிருந்து வந்திருக்கலாம், மறுபடி எடுக்க வேண்டும். எனக்கு உயிர் வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மோசமான சாம்பிளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

பாத்ரூமுக்குப் போய், நான் பாடுகிற பாட்டின்படியே எல்லாம் செய்து, இன்னொரு டியூபிலும் 'ஆண், 52' என்று எழுதிக்கொண்டு வந்தேன். இந்த ஸ்லைடில் எபிதீலியல் செல் ஒன்றோ இரண்டோதான். சாம்பிள் சுத்தம். சீழணு மட்டும் பன்னிரண்டு, பதினைந்து. சிவப்பணு மூன்று நான்கு. அதுவே இரண்டைத் தாண்டக் கூடாது.

பத்து இடம் பார்த்துச் சராசரி எழுதுவதுதான் முறை. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஸ்லைடை நகர்த்தி நகர்த்தி, செல் குறைவாக இருக்கும் இடத்தைத் தேடினேன். ஓரத்தில் ஒரு இடத்தில் நாலுதான் இருந்தது. அங்கேயே கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"இன்னாடி, ஒரே ஸ்லைடுல குடித்தனம் பண்ணிக்கினு கீற?" என்றபடி சீனியர் அக்கா வந்து என்னை நகர்த்திவிட்டு உட்கார்ந்தார். தட்டில் இருந்த முதல் ஸ்லைடையும் எடுத்துப் பார்த்தார். டியூபைப் பார்த்தார்.

"ஆம்பளைக்கு ஏதுடி இம்மாம் எபிதீலியல்? இது பொம்பள சாம்பிள். டியூப மாத்திட்டியா?"

நான் எழுத்தைப் படிப்பதுபோல் டியூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"அப்ப அந்த ஆம்பளையோடது வேற யார் பேர்ல கீது? காலைல வந்த யூரின் ரிப்போர்ட் ஒண்ணும் வெளிய போவக்கூடாது. எல்லாருக்கும் போன் போடு, மறுபடி வரச் சொல்லு."

வெளியே நாற்காலி நிறைய ஆட்கள். என் கெட்டிக்காரத்தனத்துக்கு அவர்கள் எல்லோரும் இன்னொரு முறை பாத்ரூமுக்குப் போக வேண்டுமாம். சிரிப்பு வரவில்லை.

"மாறலக்கா. ரெண்டும் ஒரே ஆளோடதுதான். முதல்ல சரியாப் பிடிக்கல. ரெண்டாவது சரியா எடுத்தது."

அக்கா இரண்டாவது ஸ்லைடைத் திரும்ப வைத்து, நடுவிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு இடமாக நகர்த்தினார். "பஸ் செல் நெறைய கீது. இது கலப்படம்னு தள்ள முடியாது. எரிச்சல், ஜுரம் எதுனா சொன்னாங்களா?"

"இல்லக்கா. ஒண்ணுமே இல்ல. அதனால விட்டுடலாமா?"

"மத்தவங்கன்னா டாக்டர் பாத்துப்பார். புள்ளதாச்சின்னா விடவே கூடாது. எரிச்சல் இல்லாமயே கிருமி இருக்கும், கிட்னிக்கு ஏறும், பிரசவ வலி நாளுக்கு முன்னாடியே வந்துரும். மாத்திரைக்கு முன்னாடி என்ன கிருமின்னு கல்ச்சர் போட்டுப் பாக்கணும்." கண்ணை மைக்ராஸ்கோப்பிலிருந்து எடுக்காமலே கேட்டார். "மாசமா இருக்காங்களா?"

இல்லை என்று சொல்லிவிட நாக்கு நுனிவரை வந்தது. எனக்குப் பயமாக இருந்தது. வெளியே சொன்னால் இதுவும் போய்விடும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. எனக்குத் தெரியும். தெரிந்தும் பயமாக இருந்தது.

"ஆமாக்கா," என்றேன். "நாலு மாசம். நான்தான்."