எல்லா வண்டிக்கும் ஏற்ற போத்தல்

மகளுக்குப் புசல்லாவையில் ஆசிரியை வேலை கிடைத்த செய்தி வந்தபோது, மடவளையில் எங்கள் வீட்டில் சந்தோஷப்படாதவன் நான் ஒருவன்தான். எனக்குப் பயப்படவே நேரம் போதவில்லை. தினமும் அவள் எங்கள் சிறிய ஜப்பான் காரில் அந்த மலைவீதியின் வளைவுகளையெல்லாம் ஏறி இறங்க வேண்டும். ஆகவே வேலை தொடங்குவதற்கு முந்திய வாரம், காரில் மாற்றக்கூடிய அனைத்தையும் மாற்றினேன். கியரில் ஒரு குறையும் இருக்கவில்லை. இருந்தும் கடைசியாகச் சனிக்கிழமை கியர் ஒயிலையும் மாற்றினேன்.

சர்விஸ் நிலையத்து ஒயிலை எங்கள் பக்கத்தில் யாரும் நம்புவதில்லை. நாமே கடையில் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்து, வண்டிக்கு அடியிலுள்ள குழியின் விளிம்பில் நின்று, கடைசிச் சொட்டுவரை ஊற்றுகிறார்களா என்று பார்ப்போம். நாம் கொண்டுவந்தது என்ன ஒயில் என்று அவர்களும் கேட்பதில்லை. கேட்டால் நமக்குக் கோபம் வரும். எங்கள் காரின் கியர் தானாக மாறுவது. கடையில் நான் "ஒட்டோ கியர் ஒயில்" என்றேன். எல்லா ஒட்டோ கியருக்கும் ஏற்றது என்று முன்பக்கத்தில் பெரிதாக அச்சிட்ட போத்தலைத் தந்தார்கள். எல்லாவற்றுக்கும் ஏற்றது என்றால் எங்களுடையதற்கும்தானே. போத்தல் மூடியின் சீலை நானே உடைத்தேன். ஊற்றும்போது படமும் எடுத்தேன்.

மறுநாள் காலை மகள் ஓட்ட, ஏற்றம் பழகுவதற்காக ஹேவாஹெட்ட வீதியில் போனோம். இரண்டாவது ஏற்றத்தில் என்ஜின் உறுமியது. உறுமிய அளவுக்குக் கார் நகரவில்லை. பிறகு இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு நடுக்கம் கிளம்பி என் பற்கள்வரை வந்தது.

"கொஞ்சம் மிதிங்க மகள்."

"மிதிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன் வாப்பா. சத்தம் மட்டுந்தான் மேல போகுது."

ஒரு திரீவீல் எங்களை முந்தியது. பின்சீட்டில் காஸ் சிலிண்டரைக் கட்டிப்பிடித்தபடி இருந்தவர் எங்களைப் பரிதாபமாகத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க ஓதுறது எனக்குக் கேக்குது" என்றாள் மகள். "மனசுக்குள்ள ஓதுங்க."

ஓரமாக நிறுத்தினாள். கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வண்டிகளைப் பல காலமாகப் பார்க்கும் மெக்கானிக்கை அழைத்தேன். மலையகத்துக்காரர், அதிகம் பேசாதவர்.

"கியர் ஒயில் எப்ப மாத்துனீங்க சேர்?"

"நேத்து."

ஸ்பானரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"இனி ஒரு அடிகூட ஓட்டாதீங்க. லொறி அனுப்புறேன்."

லொறியின் முதுகில் ஏறி எங்கள் கார் மரியாதையாகக் கராஜுக்குப் போனது. காரிலேயே கிடந்த வெறும் போத்தலை நான் மடியில் வைத்திருந்தேன். மெக்கானிக் அதை வாங்கி, பின்பக்கத்தைத் திருப்பி என்னிடமே நீட்டினார்.

"வாசிங்க சேர். சத்தமா."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தேன். எறும்பளவு எழுத்தில் பொருந்தும் கியர் வகைகள் வரிசையாக இருந்தன. கடைசி வரி: சீ.வி.டி. கியருக்குப் பயன்படுத்த வேண்டாம். கராஜில் எல்லாரும் வேலையை நிறுத்திக் கேட்டார்கள்.

"உங்களுது அந்த சீ.வி.டி. தான்" என்றார் அவர். "இதுல கியர் ஒண்ணு, ரெண்டுன்னு மாறாது. ரெண்டு கூம்புச் சக்கரம், நடுவுல இரும்பு பெல்ட். இரும்ப இரும்பு பிடிச்சு இழுக்கணும். இந்த ஒயில் மத்த கியர்ல இருக்குற கிளச்சுத் தட்டுக்குன்னு செஞ்சது. இதுல ஊத்துனா பெல்ட் வழுக்கும். வழுக்குனா சக்கரத்துல கீறல் விழும். விழுந்திருந்தா முழு கியர்பெட்டியும் போச்சு."

"விழுந்திருக்குமா?"

"தொறந்தாத்தான் தெரியும்."

மறுநாள் காலை மகள் பாடசாலையில் முதல்நாள் நிற்க வேண்டும். நான் கவனமாக இருந்ததால் அவளுக்கு வண்டி இல்லாமல் போகலாம். அவளோ அதற்குள் காரின் ஜப்பான் மொழிக் கைநூலைத் தொலைபேசியால் படமெடுத்து, மொழிபெயர்த்து, சரியான ஒயிலின் பெயரைக் கண்டுபிடித்திருந்தாள். அந்த நூல் இத்தனை வருடமும் டாஷ்போர்டுப் பெட்டியில்தான் கிடந்தது. அதன்மேல் நான் டிஷ்யூ வைத்திருந்தேன்.

ஒயிலை வடித்து, அடித்தட்டைக் கழற்றி, அதில் இரும்புத் துகளைப் பிடிக்கும் காந்தத்தை மெக்கானிக் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். சாம்பல் நிறத்தில் ஏதோ அப்பியிருந்தது. அவர் விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார்.

"மாவு மாதிரி இருக்கு. வழமையான தேய்மானந்தான். கீறல் விழுந்திருந்தா பளபளன்னு துண்டு ஒட்டியிருக்கும். ஒரு நாள்தானே ஓடியிருக்கு, தப்பிச்சீங்க."

சரியான ஒயிலை ஊற்றி, கொஞ்சம் ஓடவிட்டு, வடித்து, மறுபடியும் ஊற்றினார். ஒரு தடவை வடித்தால் பழையது முழுவதும் வராதாம், உள்ளே தங்கிவிடுமாம். புதிய போத்தல் ஒவ்வொன்றின் பின்பக்கத்தையும் நான் வாசித்தேன். யாரும் கேட்காமலே, சத்தமாக.

திங்கட்கிழமை மகள் புறப்பட்டதும் தேநீரைக் குடிக்காமல் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். செய்தி வந்தது: "வந்து சேந்துட்டேன் வாப்பா. நடுங்கல்ல. நீங்களும் நடுங்காதீங்க."

வண்டியின் நடுக்கம் நின்றுவிட்டது. என்னுடையதற்கு என்ன ஒயில் என்று எந்தக் கைநூலிலும் இல்லை.